மாடிப்படிச் சுவரில் குடும்பப் படங்கள்: இடைவெளி பிசகாமல் வரிசையாக மாட்ட

சமதளச் சுவரில் மாட்டுவதற்கும் படிச்சுவரில் மாட்டுவதற்கும் அப்படி என்ன வித்தியாசம்?

சாதாரணச் சுவரில் தரை கிடைமட்டம், படமும் கிடைமட்டம். கண்ணுயரத்தில் ஒரு கோடு போட்டால் வேலை பாதி முடிந்தது. படிச்சுவரில் தரை ஏறிக்கொண்டே போகிறது. படங்களின் வரிசை அந்தச் சாய்வோடு ஏற வேண்டும். ஆனால் ஒவ்வொரு படமும் தன்னளவில் சாயாமல் நேராக நிற்க வேண்டும். அதாவது சாய்ந்த கோட்டின் மேல் சாயாத செவ்வகங்களை அடுக்குகிறீர்கள். இங்கே வரும் தவறுகளில் பெரும்பாலானவை இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால் வருபவை. இடைவெளியை எந்தத் திசையில் அளப்பது என்பதில்தான் குழப்பம் தொடங்கும்.

கீழே வரும் கணக்குகள் எல்லாவற்றுக்கும் ஒரே படிக்கட்டை எடுத்துக்கொள்வோம். படியின் உயரம் 17 செ.மீ., கால் வைக்கும் அகலம் 28 செ.மீ., மொத்தம் 13 ஏற்றங்கள். பதின்மூன்றாவது ஏற்றத்தில் மேல்தளம் வந்துவிடும். படங்கள் எட்டு. ஃபிரேமின் வெளி அளவு 30 × 40 செ.மீ., எல்லாம் நெட்டுவாக்கில். இடைவெளி 6 செ.மீ. உங்கள் வீட்டு அளவு வேறாக இருந்தால் எண்களை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள், வழிமுறை மாறாது.

சாய்வை எப்படிக் கண்டுபிடிப்பது? கோணமானி வேண்டுமா?

வேண்டாம். கோணம் தெரிந்து ஆகப்போவது எதுவுமில்லை. இரண்டு எண்கள் போதும். ஒரு படியின் முன்விளிம்பிலிருந்து அடுத்த படியின் முன்விளிம்பு வரை எவ்வளவு உயரம், கிடைமட்டமாக எவ்வளவு தூரம் என்று பாருங்கள். அளவை எப்போதும் முன்விளிம்பிலிருந்து முன்விளிம்புக்கு எடுக்க வேண்டும். பல படிகளில் விளிம்பு இரண்டு மூன்று செ.மீ. முன்னால் துருத்தி நிற்கும். துருத்தலையும் சேர்த்துப் பலகையின் முழு அகலத்தை அளந்தால் கணக்கு கெட்டுவிடும்.

ஒரே ஒரு படியை அளந்துவிட்டு நிறுத்திக்கொள்ளவும் கூடாது. கட்டும்போது படிக்குப் படி சில மி.மீ. கூடும், குறையும். முதல் படியும் கடைசிப் படியும் தரைப் பூச்சின் காரணமாக இன்னும் கூடுதலாக மாறியிருக்கும். அதனால் முதல் படி விளிம்பிலிருந்து மேல்தள விளிம்பு வரை மொத்தமாக அளந்து, நடுவிலுள்ள படித் தூரங்களின் எண்ணிக்கையால் வகுத்துக்கொள்ளுங்கள். நம் எடுத்துக்காட்டில் இரண்டு விளிம்புகளுக்கும் இடையே 12 படி தூரம் இருக்கிறது. கிடைமட்டமாக 336 செ.மீ., உயரம் 204 செ.மீ.

இதிலிருந்து இரண்டு எண்கள் கிடைக்கும். 17-ஐ 28-ஆல் வகுத்தால் 0.607. இதை ஏற்ற எண் என்று வைத்துக்கொள்வோம்: கிடைமட்டமாக ஒரு செ.மீ. நகர்ந்தால் வரிசை 0.607 செ.மீ. ஏறும். இன்னொன்று நூல் எண். 28-இன் வர்க்கத்தையும் 17-இன் வர்க்கத்தையும் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 32.76, அதை 28-ஆல் வகுத்தால் 1.17. கிடைமட்டமாக ஒரு செ.மீ. நகர, சாய்ந்த நூலின் மேல் 1.17 செ.மீ. போக வேண்டும் என்பது இதன் பொருள். இந்த இரண்டையும் ஒரு தாளில் பெரிதாக எழுதிச் சுவரில் ஒட்டிக்கொள்ளுங்கள்.

படத்தின் நடுப்பகுதி எவ்வளவு உயரத்தில் வரணும்?

அந்தந்தப் படியின் முன்விளிம்பிலிருந்து செங்குத்தாக 145 முதல் 150 செ.மீ. உயரத்தில் படத்தின் மையம் வந்தால் பெரும்பாலானோருக்குக் கண்ணுக்கு நேராக இருக்கும். நாம் 150 எடுத்துக்கொள்கிறோம்.

சுவரோரம் கைப்பிடி இருந்தால் இன்னொரு சோதனை உண்டு. படத்தின் கீழ்விளிம்பை அதன் நடுவில் அளந்தால் 130 செ.மீ. உயரத்தில் இருக்கும். ஆனால் படி ஏறிக்கொண்டே போவதால், மேல்படிப் பக்கம் இருக்கும் கீழ் மூலை படிகளுக்கு அதைவிட நெருக்கமாகிவிடும். அரை அகலம் 15 செ.மீ.; அதை 0.607-ஆல் பெருக்கினால் 9. எனவே அந்த மூலை 121 செ.மீ. உயரத்தில்தான் இருக்கிறது. கைப்பிடி 90 செ.மீ. உயரத்தில் ஓடினால் இடையில் 31 செ.மீ. மிஞ்சும், கவலையில்லை. இரண்டு வரிசை மாட்டும்போதுதான் இந்த மூலை தொல்லை கொடுக்கும். அதைப் பின்னால் பார்ப்போம்.

சுவரில் அந்தச் சாய்கோட்டைப் போடுவது எப்படி?

முதல் படியின் முன்விளிம்புக்கு நேர் மேலே, சுவரில் 150 செ.மீ. உயரத்தில் ஒரு புள்ளி வையுங்கள். நேர் மேலே என்பதைக் கண்ணால் தீர்மானிக்காமல் தூக்குக்குண்டு விட்டோ ரசமட்டத்தைச் செங்குத்தாகப் பிடித்தோ பாருங்கள். மேல்தள விளிம்புக்கு மேலேயும் அதே 150-இல் இன்னொரு புள்ளி. இரண்டிலும் சிறிய ஆணி அடித்து நூலை விறைப்பாகக் கட்டுங்கள். நம் கணக்கில் அந்த நூலின் நீளம் 393 செ.மீ. வரும். இதுதான் படங்களின் மையக்கோடு.

சுண்ணாம்புப் பொடி தடவிய நூலைச் சுண்டிக் கோடு விழவைப்பது கொத்தனாருக்குப் பழக்கமான வழி. பெயின்ட் அடித்து முடிந்த சுவரில் அது வேண்டாம், நீலமும் சிவப்பும் எளிதில் போகாது. கட்டிய நூலை அப்படியே விட்டுவிட்டு, சுவரைக் கெடுக்காத மாஸ்கிங் டேப்பை நூலின் கீழ்விளிம்பையொட்டி ஒட்டினால் பென்சில் குறிகளை டேப்பின் மேலேயே போட்டுக்கொள்ளலாம்.

நடுவில் ஏதாவது ஒரு படி கொஞ்சம் உயரமாகவோ தாழ்வாகவோ இருந்தால் அதற்காக நூலை வளைக்காதீர்கள். ஒவ்வொரு படியிலிருந்தும் 150 அளந்து குறி வைப்பவர்களுக்கு வரிசை மெல்லிய அலைபோல ஏறி இறங்கும். காரணம் புரியாமல் ஃபிரேமைக் குறை சொல்வார்கள்.

இடைவெளி 6 செ.மீ.ன்னு வச்சா, அடுத்த படத்தோட மையத்தை எங்கே குறிக்கணும்?

இடைவெளியைக் கிடைமட்டமாகத்தான் அளக்க வேண்டும்: இந்தப் படத்தின் வலது விளிம்பிலிருந்து அடுத்த படத்தின் இடது விளிம்பு வரை. படத்தின் அகலம் 30, இடைவெளி 6, ஆகவே மையத்திலிருந்து மையத்துக்குக் கிடைமட்டத் தூரம் 36 செ.மீ.

ஆனால் நம் நூல் சாய்வாக ஓடுகிறது. நூலின் மேல் அளவு டேப்பை வைத்து அதே 36-ஐ அளந்தால் கிடைமட்டமாக நகர்ந்தது 30.8 செ.மீ. மட்டுமே. இரண்டு ஃபிரேமுக்கும் நடுவே முக்கால் செ.மீ.தான் மிஞ்சும். முதலாவது படத்தை மாட்டி, இரண்டாவதை மாட்டும்போது இரண்டும் ஏறக்குறைய உரசுகிறதென்றால் காரணம் பெரும்பாலும் இதுதான். நூலின் மேல் அளக்க வேண்டிய தூரம் 36-ஐ 1.17-ஆல் பெருக்கி வரும் 42.1 செ.மீ.

இப்போது முழுக் கணக்கையும் பார்க்கலாம். எட்டுப் படங்களுக்கு 240 செ.மீ., ஏழு இடைவெளிகளுக்கு 42 செ.மீ., மொத்தம் 282. நம்மிடம் இருப்பது 336. மீதி 54-ஐ இரு பக்கமும் சரிபாதியாக விட்டால் தலைக்கு 27. ஆகவே முதல் படத்தின் மையம் முதல் படி விளிம்பிலிருந்து கிடைமட்டமாக 27 + 15, அதாவது 42 செ.மீ. நூலின் மேல் அது 49.1. அங்கிருந்து 42.1 வீதம் கூட்டினால் நூலின் மேல் வரும் குறிகள் இவை:

49.1, 91.3, 133.4, 175.5, 217.6, 259.7, 301.9, 344.

அளவு டேப்பின் தொடக்கத்தை நூலின் கீழ்முனையில் பிடித்துவிட்டு இந்த எட்டையும் ஒரே ஓட்டத்தில் குறித்துவிடுங்கள். ஒரு குறியிலிருந்து அடுத்த குறிக்கு 42.1 என்று தாவித் தாவி அளந்தால் ஒவ்வொரு தாவலிலும் ஒரு மி.மீ. பிசகு சேரும், கடைசிப் படத்தில் அது வெளிப்படையாகத் தெரியும். சரியாகக் குறித்திருந்தால் கடைசிக் குறியிலிருந்து நூலின் மேல்முனைக்கு மறுபடி 49.1 இருக்க வேண்டும். அது ஒத்துவந்தால் டிரில்லை எடுக்கலாம்.

நெட்டுவாக்கு ஃபிரேம்தான் போடணுமா? எங்க வீட்டுப் படங்கள்ல பாதி படுக்கைவாக்கு.

ஃபிரேமை நெட்டுவாக்கிலேயே வைத்துக்கொள்வது நல்லது. இது வெறும் ரசனை விஷயமல்ல, கணக்கே அப்படிச் சொல்கிறது.

நெட்டுவாக்கில் ஒவ்வொரு படமும் முந்தையதைவிட 21.9 செ.மீ. மேலே இருக்கும் (36 × 0.607). ஃபிரேமின் உயரம் 40. ஆகவே பக்கத்துப் பக்கத்து ஃபிரேம்கள் 18 செ.மீ. நீளத்துக்கு ஒன்றையொன்று பார்த்தபடி நிற்கும். அந்த 18 செ.மீ. பட்டையைத்தான் கண் இடைவெளியாக உணர்கிறது. அதே ஃபிரேமைப் படுக்கவைத்தால் அகலம் 40, இடைவெளியோடு 46, ஏற்றம் 27.9. உயரமோ 30 மட்டுமே. இரண்டு ஃபிரேம்களும் ஒன்றையொன்று பார்ப்பது வெறும் 2 செ.மீ. நீளத்துக்கு. அப்போது மூலையும் மூலையும்தான் சந்திக்கின்றன. நடுவில் இருக்கும் 6 செ.மீ. இடைவெளியாகவே தெரியாது. வரிசை துண்டு துண்டாகத் தாவுவதுபோல் இருக்கும். 30 × 30 சதுரம் இரண்டுக்கும் நடுத்தரம், 8 செ.மீ. கிடைக்கும். கொஞ்சம் செங்குத்தான படியானால் அதுவும் போய்விடும்.

படுக்கைவாக்குப் படங்களை என்ன செய்வது? நெட்டுவாக்கு ஃபிரேமுக்குள் படத்தைச் சுற்றி வைக்கும் மவுண்ட் அட்டையில் படுக்கைவாக்கு ஜன்னல் வெட்டிவிட வேண்டியதுதான்.

மவுண்ட் ஜன்னல் அளவு எப்படிப் போடுறது? படங்கள் எல்லாம் வேற வேற சைஸ்.

வெளியே எல்லாம் ஒன்றாக இருந்து உள்ளே மட்டும் மாறுவதுதான் குடும்பப் படங்களுக்கு ஏற்ற வழி. பழைய அஞ்சலட்டை அளவுப் படமும் புதிதாகப் பிரிண்ட் போட்ட பெரிய படமும் ஒரே வரிசையில் உட்காரும்.

நம் ஃபிரேமின் சட்டம் முன்பக்கத்தில் 2 செ.மீ. அகலம் என்றால் உள்ளே கண்ணுக்குத் தெரியும் பரப்பு 26 × 36. அதில் 10 × 15 படத்தை நெட்டுவாக்கில் வைத்தால் பக்கங்களில் 8, மேலும் கீழும் 10.5 செ.மீ. அட்டை தெரியும். அதே படம் படுக்கைவாக்கில் இருந்தால் பக்கங்களில் 5.5, மேலும் கீழும் 13. 20 × 25 படத்துக்குப் பக்கங்களில் 3, மேல்கீழ் 5.5. ஜன்னலைப் படத்தின் அளவுக்கே வெட்டாமல் ஒவ்வொரு பக்கமும் 2 மி.மீ. உள்ளே தள்ளி வெட்டச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் படத்தின் ஓரத்தில் வெள்ளைக்கோடு எட்டிப்பார்க்கும், சில சமயம் படமே ஜன்னல் வழியாக முன்னால் நழுவும்.

அட்டை எல்லாவற்றிலும் ஒரே நிறம், ஒரே தடிமன், ஒரே கட்டிலிருந்து எடுத்ததாக இருக்கட்டும். வெள்ளையிலேயே பல வெள்ளை உண்டு; தனித்தனியே பார்த்தால் தெரியாது, பக்கத்தில் பக்கத்தில் மாட்டியதும் ஒன்று மஞ்சளாகத் தோன்றும். அமிலம் இல்லாத அட்டையைக் கேட்டு வாங்குங்கள். மலிவு அட்டை சில ஆண்டுகளில் ஜன்னல் ஓரத்தில் பழுப்பேறி, அந்தக் கறையைப் படத்துக்கும் கொடுத்துவிடும். வேறு பிரதி இல்லாத பழைய படத்தை மாட்டவே வேண்டாம். அதை ஸ்கேன் செய்து பிரிண்ட் எடுத்து மாட்டிவிட்டு, அசலை இருட்டான, ஈரமில்லாத இடத்தில் வையுங்கள்.

ஃபிரேம் வாங்கும்போது என்ன பாக்கணும்?

முதலில், கடையில் சொல்லும் அளவு வெளி அளவு அல்ல. 30 × 40 என்று விற்பது பெரும்பாலும் உள்ளே வைக்கும் தாளின் அளவு. சட்டத்தோடு சேர்த்தால் 33 × 43 ஆகிவிடலாம். நம் கணக்கெல்லாம் வெளி அளவில்தான் ஓடுகிறது. அதனால் ஃபிரேம் கையில் கிடைத்த பிறகு அளந்துவிட்டுக் கணக்குப் போடுங்கள். எட்டுக்குப் பத்தாக வாங்கி வையுங்கள். பின்னால் ஒன்று உடைந்து அதே மாதிரியைத் தேடினால் அது கடையில் இருக்காது.

ஃபிரேமின் தடிமன் 2.5 செ.மீ.க்கு மேல் போகாமல் பாருங்கள். படியில் இருவர் ஒருவரையொருவர் கடக்கும்போது சுவர்ப்பக்கம் ஒதுங்குபவரின் தோள் படத்தில் படும். அதே காரணத்துக்காகக் கண்ணாடிக்குப் பதில் அக்ரிலிக் தகடு போடுவதே எங்கள் பரிந்துரை. விழுந்தாலும் படியெங்கும் சில்லுச் சில்லாகச் சிதறாது, எடையும் பாதிதான். அதில் கீறல் விழும் என்பது உண்மை. உலர்ந்த துணியால் அழுத்தித் துடைக்காமல் ஈரமான மென்துணியால் ஒற்றி எடுத்தால் நெடுநாள் தாங்கும்.

ஆணி எங்கே அடிக்கணும்? நூல்ல குறிச்ச மையத்துலேயா?

இல்லை. நூலில் இருப்பது படத்தின் மையம். ஆணி அதற்கு மேலே வரும், எவ்வளவு மேலே என்பது ஃபிரேமின் பின்பக்கத்தைப் பொறுத்தது.

ஃபிரேமின் பின்னால் கம்பியோ கயிறோ இருந்தால், அது ஆணியில் தொங்கும்போது எப்படி விறைக்குமோ அப்படி ஒரு விரலால் மேல்நோக்கி இழுத்துப் பிடியுங்கள். அந்த உச்சியிலிருந்து ஃபிரேமின் மேல்விளிம்பு வரை உள்ள தூரம்தான் தொங்கல். அது 6 செ.மீ. என்றால், அரை உயரம் 20-இல் 6 போக 14. மையக்குறியிலிருந்து செங்குத்தாக 14 செ.மீ. மேலே ஆணி. இங்கும் ரசமட்டத்தைச் செங்குத்தாகப் பிடித்துத்தான் மேலே போக வேண்டும். கண் சாய்ந்த நூலையே பார்த்துக்கொண்டிருப்பதால் கை தன்னையறியாமல் பக்கவாட்டில் விலகும்.

ஒரே மாதிரி ஃபிரேமாக இருந்தாலும் தொங்கலை எட்டிலும் தனித்தனியாக அளந்து, பின்பக்கத்திலேயே பென்சிலால் எழுதிவிடுங்கள். கம்பி கட்டியவர் கை ஒரே சீராக இருந்திருக்காது. 4 மி.மீ. வித்தியாசம் தனிப் படத்தில் யாருக்கும் தெரியாது. எட்டு மேல்விளிம்புகளும் ஒரே சாய்வில் ஏறும் வரிசையில் அது பளிச்சென்று தெரியும்.

இதற்கு இன்னும் நல்ல வழி கம்பியையே எடுத்துவிடுவது. சட்டத்தின் இரு பக்கமும் ஒரே உயரத்தில் சிறு உலோக வளையங்களைத் திருகி, ஒரு படத்துக்கு இரண்டு ஆணி அடியுங்கள். வளையங்களுக்கு நடுவே 20 செ.மீ. தூரம் என்றால் மையத்திலிருந்து இடமும் வலமும் 10 செ.மீ. தள்ளி, இரண்டும் ரசமட்டத்தில் ஒன்றாக இருக்க வேண்டும். வேலை இரட்டிப்புதான். ஆனால் படியில் ஆட்கள் தடதடவென்று இறங்கும் அதிர்விலும் தோள் உரசுவதிலும் ஒற்றை ஆணிப் படம் சில வாரங்களிலேயே கோணும், இரட்டை ஆணிப் படம் நகராது. எதில் மாட்டினாலும் கீழ் மூலைகள் இரண்டிலும் ரப்பர் பொட்டு ஒட்டுங்கள். ஃபிரேம் சுவரைப் பிடித்துக்கொள்ளும், சுவரில் கருங்கோடும் விழாது.

செங்கல் சுவர்ல டிரில் போட்டா ஓட்டை நகர்ந்துடுது. என்ன பண்றது?

முதலிலேயே 6 மி.மீ. பிட்டை வைத்தால் பூச்சில் வழுக்கி அல்லது செங்கலும் சாந்தும் சேரும் இடத்தில் மென்மையான பக்கம் இழுத்து மூன்று நான்கு மி.மீ. போய்விடும். குறியின் மேல் ஆணியால் ஒரு குழி தட்டி, 3 மி.மீ. பிட்டால் அதிர்வு இல்லாமல் பூச்சைக் கடந்து, பிறகு 6 மி.மீ.க்கு மாறுங்கள். துளையின் மேல் மாஸ்கிங் டேப் ஒட்டியிருந்தால் பூச்சு பெயராது. ஆணியைப் பிடிக்கத் துளைக்குள் செருகும் பிளக் முழுவதும் பூச்சுக்குள்ளேயே நின்றுவிடாமல் செங்கலுக்குள் போகும் ஆழம் வேண்டும்.

அப்படியும் நகர்ந்துவிட்டால் பக்கத்தில் இன்னொரு துளை போடாதீர்கள், இரண்டும் ஒன்றாகிப் பிளக் ஆடும். உயரத்தில் நகர்ந்திருந்தால் அந்த ஃபிரேமின் வளையத்தை அதே அளவு ஏற்றியோ இறக்கியோ திருகிவிடலாம். ஃபிரேமின் பின்பக்கத்தை யாரும் பார்க்கப்போவதில்லை.

துளை போடுவதற்கு முன் படிவிளக்கு சுவிட்ச் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். சுவிட்சுக்கு நேர் மேலும் கீழும், விளக்குக்குப் போகும் வழியிலும் சுவருக்குள் வயர் ஓடும். அந்த இடத்தில் குறி விழுந்தால் முழு வரிசையையும் சில செ.மீ. நகர்த்துங்கள். ஒரு படத்தை மட்டும் நகர்த்தினால் இடைவெளி கெடும். வரிசை நகர்ந்தால் ஓரத்தில் விட்ட 27 செ.மீ.தான் கூடிக் குறையும்.

மாட்டுறதுக்கு முன்னாடி எப்படி இருக்கும்னு பார்க்க வழி உண்டா?

பழுப்புத் தாளில் ஃபிரேமின் வெளி அளவுக்கு எட்டுத் துண்டுகள் வெட்டுங்கள். ஒவ்வொன்றிலும் மையத்தையும் ஆணிப் புள்ளியையும் குறித்து, எந்தப் படம் என்று எழுதி, மையம் நூல் குறியில் விழும்படி ரசமட்டம் வைத்து ஒட்டுங்கள். ஏறும்போது ஒருமுறையும் இறங்கும்போது ஒருமுறையும் பாருங்கள். இறங்கும்போது கண் மேலிருந்து வருவதால், ஏறும்போது தெரியாத கோணல் அப்போது தெரியும். ஒரு நாள் அப்படியே விட்டுவைத்து, இரவில் படிவிளக்கைப் போட்டு எங்கே வெளிச்சம் பட்டுத் தெறிக்கும் என்பதையும் பார்த்துக்கொள்ளலாம். திருப்தியானால் தாளின் மேலேயே துளை போட்டுவிட்டுத் தாளைக் கிழித்தெடுங்கள்.

ரெண்டு வரிசையா மாட்டலாமா?

மாட்டலாம், ஒரு நிபந்தனையோடு: மேல்படமும் கீழ்ப்படமும் ஒரே அகலத்தில், ஒன்றுக்கு நேர் மேல் ஒன்றாக, தூண்போல நிற்க வேண்டும். அப்போது நூல் படங்களின் மையக்கோடாக இருக்காது, இரண்டு வரிசைக்கும் நடுவிலுள்ள இடைவெளியின் கோடாகிவிடும். ஒவ்வொரு தூணின் நடுவிலும் மேல்படத்தின் அடிவிளிம்பு நூலுக்கு 3 செ.மீ. மேலே, கீழ்ப்படத்தின் மேல்விளிம்பு 3 செ.மீ. கீழே. தூணுக்குத் தூண் நூலின் மேல் அதே 42.1.

செங்கல் அடுக்குவதுபோல் மேல்வரிசையை அரைப்படம் தள்ளி வைக்கலாமே என்று தோன்றும். சமதளச் சுவரில் அது அழகாகவே இருக்கும். படியில் நடக்காது. மேல்வரிசையை 18 செ.மீ. மேல்படிப் பக்கம் தள்ளினால், அந்தப் படத்தின் அடிவிளிம்பு அடுத்த கீழ்ப்படத்தின் மேல்விளிம்பைவிட 5 செ.மீ. தாழ்ந்துவிடும், ஒன்றின் மேல் ஒன்று ஏறும். சரி என்று மேல்வரிசையை 11 செ.மீ. தூக்கினால் அந்தப் பக்கம் 6 செ.மீ. கிடைக்கும், ஆனால் மறுபக்கக் கீழ்ப்படத்துக்கும் அதற்கும் நடுவே 28 செ.மீ. பள்ளம் விழும். மேல்வரிசைக்கு ஒரு அகலம், கீழ்வரிசைக்கு வேறு அகலம் என்று வாங்கினாலும் நாலைந்து படங்களுக்குள் இதே நிலைதான்.

நூலின் உயரத்தையும் மாற்ற வேண்டும். 150-இலேயே வைத்தால் கீழ்ப்படத்தின் அடி 107 செ.மீ., மேல்படிப் பக்க மூலை 98 செ.மீ. 90 செ.மீ. உயரக் கைப்பிடியைப் பிடித்து ஏறுபவரின் விரல்முட்டி அதில் இடிக்கும். 165-க்கு ஏற்றினால் மூலை 113-க்குப் போகும். மேல்படத்தின் உச்சி அப்போது 208 செ.மீ. ஆகிறது, அதன் கீழ்ப்படிப் பக்க மூலை 217. படிக்கு மேலுள்ள கூரை சாய்வாகத் தாழ்ந்து வரும் இடம் இருந்தால் அங்கே இதை அளந்துபார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

சின்னதும் பெரிசுமா கலந்து மாட்டினா?

ஒற்றை வரிசையில் முடியும். மையங்கள் நூலிலேயே இருக்கட்டும், தூரத்தை மட்டும் ஜோடிக்கு ஜோடி கணக்கிடுங்கள்: இந்தப் படத்தின் அரை அகலம், இடைவெளி, அடுத்த படத்தின் அரை அகலம். 30 அகலத்துக்கு அடுத்து 20 அகலம் என்றால் 15 + 6 + 10 = 31; நூலின் மேல் 36.3. கீழ்விளிம்புகளை ஒரே சாய்வில் கொண்டுவர முயலாதீர்கள், சின்னப் படங்கள் எல்லாம் நழுவி விழுவதுபோல் தெரியும். இரண்டுக்கு மேல் அளவுகள் கலந்தால் சீரான இடைவெளி இருந்தும் சீராகத் தெரியாது.

மேல்தளத்துச் சுவர்லயும் வரிசை தொடரணும். அங்கே எப்படி வளைக்கிறது?

மேல்தள விளிம்புக்கு மேலே 150-இல் ஆணி அடித்தோமல்லவா, அங்கிருந்து நூலைக் கிடைமட்டமாகத் திருப்புங்கள். சாய்ந்த பகுதியில் 42.1 வீதம், கிடைமட்டத்தில் 36 வீதம். வரிசை தொடரும்போது மேல்பக்க ஓரத்தில் 27 செ.மீ. விடும் கணக்கு பொருந்தாது. திருப்பத்துக்கு முந்தைய மையம் நூல்முனையிலிருந்து கிடைமட்டமாக எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று பார்த்து, அதை 36-இலிருந்து கழித்து, மீதியைக் கிடைமட்ட நூலில் வையுங்கள். நம் எடுத்துக்காட்டில் எட்டாவது மையம் முனைக்கு 42 செ.மீ. முன்னால் இருக்கிறது. ஒன்பதாவது முனைக்கு 6 செ.மீ. முன்னாலேயே சாய்நூலில் வரும், பத்தாவது முனையைத் தாண்டி 30 செ.மீ.-இல் கிடைமட்ட நூலில் வரும்.

படி விசிறிபோல் திரும்பும் மூலையில் சுவரோரச் சாய்வு திடீரென்று மாறும். அங்கே நூலை ஒட்டிப்போட முயல்வதைவிட, திருப்பத்துக்கு முன்பே வரிசையை முடித்து அடுத்த சுவரில் புது நூலோடு தொடங்குவது சுலபம்.

ஏணியைப் படியில எப்படி நிறுத்துறது?

சாதாரண ஏ வடிவ ஏணியைப் படிமேல் நிறுத்தவே கூடாது, கால்களுக்குக் கீழே கட்டை வைத்தும் கூடாது. கால்களைத் தனித்தனி உயரத்துக்கு மாற்றக்கூடிய ஏணிகள் இதற்கென்றே உண்டு. ஒற்றை வரிசைக்கு ஏணியே தேவைப்படாது: ஆணி படி விளிம்பிலிருந்து ஏறக்குறைய 164 செ.மீ. உயரத்தில்தான் வருகிறது. மேல்வரிசைக்கு ஆணி 200 செ.மீ.க்குச் சற்று மேலே போகும். இரண்டு படி மேலே ஏறி நின்றால் 34 செ.மீ. குறையும், நிற்கிற இடத்திலிருந்தே கைக்கு எட்டும்.

பின்னாடி புதுப் படம் சேர்க்கணும்னா எல்லாத்தையும் கழற்றணுமா?

வரிசையை இரு பக்கமும் சரிபாதி விட்டு நடுவில் அமைத்திருந்தால் ஒன்றைச் சேர்த்ததும் அந்தச் சமநிலை போய்விடும். குடும்பம் வளரும் என்று தெரிந்தால் தொடக்கத்திலேயே கீழ்ப்பக்கம் மட்டும் 27 செ.மீ. விட்டு, மேல்பக்கம் திறந்தே இருக்கட்டும். புதியவை மேல்தளத்தை நோக்கிச் சேர்ந்துகொண்டே போகும். ஃபிரேமை மாற்றாமல் உள்ளே இருக்கும் படத்தையும் மவுண்டையும் மட்டும் மாற்றுவது இன்னும் சுலபம். நூலைக் கழற்றுவதற்கு முன் இரு முனைகளின் உயரத்தையும், ஏற்ற எண்ணையும் நூல் எண்ணையும், ஃபிரேமின் வெளி அளவையும் ஒரு சீட்டில் எழுதி முதல் படத்தின் பின்னால் ஒட்டிவையுங்கள். அடுத்த குறியைப் போட அது மட்டும் போதும்.